முக்கினால் மூடும் கதவு

பலூனுக்குள் போவது 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், கால் டம்ளர் அளவு. மெல்லிய குழாயின் நுனியில் கட்டிய அந்தப் பலூனை மலக்குடலுக்குள் வைத்து நிரப்பிய பிறகு, நோயாளியைக் கழிப்பறைக்குள் அனுப்புகிறார்கள். "கதவைச் சாத்திக்கோங்கம்மா. வீட்ல எப்படிப் போவீங்களோ அப்படியே உட்கார்ந்து தள்ளிடுங்க. வெளியே வந்ததும் குரல் கொடுங்க" என்கிறார் செவிலியர். வெளியே ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்குகிறது.

மலம் கழிப்பதில் சிக்கல் இல்லாதவர்களில் பெரும்பாலோர் ஒரு நிமிடத்துக்குள் குரல் கொடுத்துவிடுவார்கள். சில பரிசோதனைக் கூடங்கள் இரண்டு நிமிடம் வரை காத்திருக்கும். அதற்குள் வராவிட்டால் பலூனை வடித்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். பலூன் வெளியேற்றும் பரிசோதனை என்பது இவ்வளவுதான். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பார்ன்ஸ், லெனார்ட்-ஜோன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களிடம் இதைச் செய்துபார்த்து 1985இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றும் இந்தப் பரிசோதனை ஏறக்குறைய அதே வடிவத்தில்தான் நடக்கிறது.

தண்ணீர் நிரம்பிய இவ்வளவு சிறிய பையை ஒருவரால் ஏன் வெளியே தள்ள முடிவதில்லை? அதற்கு ஆசனவாய் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே வளையமாக இரண்டு சுருக்குத்தசைகள் இருக்கின்றன. உள்வளையம் நம் கட்டுப்பாட்டில் இல்லை. நாம் தூங்கும்போதும் அது இறுகியே இருக்கும். வெளிவளையம் நம் சொல்லைக் கேட்கும். பேருந்தில் போகும்போது அவசரம் வந்தால் நாம் இறுக்கிப் பிடிப்பது அதைத்தான். இவற்றுக்கு மேலே, மலக்குடலின் பின்புறத்தைச் சுற்றி உண்டிவில்லின் வார் போல ஒரு தசை இருக்கிறது. அது குடலை முன்பக்கம் இழுத்து, மடக்கிப் பிடித்த தோட்டத்துக் குழாய் போல ஒரு வளைவை உண்டாக்கி வைத்திருக்கிறது. மலம் கழிக்கும்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். வயிற்றிலிருந்து கீழ்நோக்கி அழுத்தம் வர வேண்டும். வளையங்களும் வாரும் தளர வேண்டும்.

சிலருக்கு இந்த ஒத்திசைவு குலைந்துவிடுகிறது. அவர்கள் முக்க முக்க, தளர வேண்டிய தசைகள் இறுகுகின்றன. கதவை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே தாழ்ப்பாளையும் பிடித்துக்கொள்வது போன்ற நிலை அது. தாங்கள் இப்படிச் செய்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

மருத்துவர்கள் அடிக்கடி சந்திக்கும் வகையான ஒரு நோயாளியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவருக்கு 41 வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். எட்டு ஆண்டுகளாக மலச்சிக்கல். வாரத்துக்கு நான்கு முறை போனாலும், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் முக்க வேண்டியிருக்கிறது. எழுந்து வந்த பிறகும் பாதி உள்ளேயே நிற்பது போன்ற உணர்வு. சில நாள் விரலால் எடுக்க வேண்டியும் வருகிறது. இதை அவர் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. கீரை, வாழைப்பழம், இசப்கோல், கடுக்காய்ப் பொடி, பேதி மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பேதி மாத்திரை போட்டால் மலம் இளகுகிறது, ஆனால் முக்குவது குறைவதில்லை.

சிறப்பு மருத்துவர் எடுத்த எடுப்பில் இந்தப் பரிசோதனையை எழுதிவிட மாட்டார். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவை உண்டா என்று முதலில் கேட்பார். இருந்தால் கொலோனாஸ்கோபிதான் முதலில். தைராய்டு சுரப்பு குறைவா, இரும்புச்சத்து மாத்திரையோ வீரியமான வலி மருந்தோ காரணமா என்றும் பார்ப்பார். பிறகு கையுறை அணிந்த விரலால் ஆசனவாயைச் சோதித்து, "இப்போ முக்குங்க" என்பார். அப்போது தசை தளர்கிறதா, விரலை இறுக்குகிறதா என்பது அனுபவமுள்ள கைக்குப் புரியும். நார்ச்சத்தும் மலமிளக்கியும் முறையாகக் கொடுத்தும் பலன் இல்லை, விரலுக்கும் சந்தேகம் தட்டுகிறது என்றால்தான் மேனோமெட்ரிக்கும் பலூனுக்கும் சீட்டு எழுதுவார்.

மேனோமெட்ரி என்றால் அழுத்தத்தை அளப்பது. தையல்காரப் பெண்ணுக்கு முதலில் சிறிய எனிமா கொடுத்து மலக்குடலைக் காலி செய்கிறார்கள். இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்கால்களை மடக்கிப் படுக்கச் சொல்கிறார்கள். மயக்க மருந்து கிடையாது. நோயாளி விழித்திருந்து சொன்னபடி செய்தால்தான் அளக்க முடியும். எழுதுகோல் பருமன்கூட இல்லாத, வளையும் குழாய் ஒன்று உள்ளே போகிறது. அதன் உடல் முழுக்க அழுத்தத்தை உணரும் உணரிகள், நுனியில் சிறு பலூன். அழுத்தம் திரையில் நிறங்களாகத் தெரிகிறது: குறைந்தால் நீலம், கூடக்கூடப் பச்சை, மஞ்சள், சிவப்பு.

முதல் மூன்று நிமிடம் எதுவும் செய்வதில்லை. புதிதாக நுழைந்த குழாய்க்குத் தசைகள் பழக வேண்டும். அதன் பிறகு ஓய்வு நிலை அழுத்தம் பதிவாகிறது. அது பெரும்பாலும் உள்வளையத்தின் வேலை. பின்னர் "இறுக்கிப் பிடிங்க" என்று சொல்லி வெளிவளையத்தின் வலுவைப் பார்க்கிறார்கள். இருமச் சொல்கிறார்கள். கடைசியில், மலம் கழிப்பது போல 15 நொடி முக்கச் சொல்கிறார்கள். இதை மூன்று முறை செய்ய வேண்டும்.

அந்தப் பெண் முக்குகிறார். மலக்குடலில் அழுத்தம் 55 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறுகிறது. தள்ளுவதற்கு அது போதுமானது. ஆனால் ஓய்வில் 62 ஆக இருந்த ஆசனவாயின் அழுத்தம் இறங்குவதற்குப் பதிலாக 88 ஆகிறது. திரையில் நீலமாக வெளுக்க வேண்டிய பட்டை சிவப்பாகத் தடிக்கிறது. மூன்று முறையும் இப்படியே. பிறகு பலூனுடன் கழிப்பறைக்குப் போகிறார். இரண்டு நிமிடம் கழிந்தும் குரல் வரவில்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், தனித்தனியாகப் படித்தால் ஏமாந்துவிடலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமானவர்களைப் படுக்க வைத்து, அந்நியர் எதிரில் முக்கச் சொன்னாலும், அவர்களில் பலருக்கு ஆசனவாய் இறுகத்தான் செய்கிறது. படுத்த நிலையில் யாரும் மலம் கழிப்பதில்லை. கூச்சமும் தசையை இறுக்கும். ஆகவே மேனோமெட்ரியில் கோளாறு தெரிந்தது என்பதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை. பலூனுக்கும் குறை உண்டு. வெளியே வரவில்லை என்று காட்டுமே தவிர, ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. மலக்குடல் விரிந்து உணர்வு மங்கியவருக்கு 50 மில்லி இருப்பதே தெரியாது. அதனால் சில கூடங்களில், போக வேண்டும் என்ற உணர்வு வரும் வரை பலூனை நிரப்புகிறார்கள். இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், மலக்குடலில் எக்ஸ்ரேக்கு என்றால் கெட்டியான பேரியம் பசையையும் எம்ஆர்ஐக்கு என்றால் ஜெல்லையும் நிரப்பி, அது வெளியேறுவதைப் படம் பிடிப்பார்கள். மலக்குடலின் முன்சுவர் பெண்ணுறுப்புப் பக்கம் பிதுங்கி மலம் அங்கே தேங்குவது போன்ற அமைப்புக் கோளாறுகள் அதில்தான் தெரியவரும்.

மலச்சிக்கலுக்கு நேர்மாறான தொல்லைக்கும் மேனோமெட்ரி பயன்படுகிறது. மலத்தை அடக்க முடியாமல் துணி நனைந்துவிடுகிறது என்று வருபவருக்கு ஓய்வு நிலை அழுத்தம் குறைந்திருந்தால் உள்வளையம் பலவீனமாக இருக்கலாம். இறுக்கும்போது அழுத்தம் ஏறவில்லை என்றால் சந்தேகம் வெளிவளையத்தின் மேல் விழும். பிரசவத்தின்போது தசை கிழிந்த பெண்களுக்கு இப்படி ஏற்படலாம். கிழிசல் இருக்கும் இடத்தை ஆசனவாய் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் காட்டும்.

கைக்குழந்தைகளிடம் தேடுவது வேறு ஒன்று. மலக்குடலுக்குள் பலூனைச் சட்டென்று ஊதினால் உள்வளையம் தானாகவே ஒரு கணம் தளர வேண்டும். வந்திருப்பது வாயுவா மலமா என்று உடல் ருசி பார்க்கும் அனிச்சைச் செயல் அது. பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் 1877லேயே இதைக் குறித்து வைத்தார். ஹிர்ஷ்பிரங் நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மலக்குடலின் சுவரில் இருக்க வேண்டிய நரம்பணுக்கள் இருப்பதில்லை, அதனால் இந்தத் தளர்வும் வராது. பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருப்பு மலம் போகாத குழந்தையிடம் மருத்துவர்கள் இந்த நோயைச் சந்தேகிப்பார்கள். தளர்வு தெரிந்தால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் நீங்கிவிடும். தெரியாவிட்டால் மலக்குடல் திசுவில் துளி எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார்கள்.

தையல்காரப் பெண்ணுக்கு அந்த அனிச்சைத் தளர்வு சரியாகவே இருந்தது. அதாவது நரம்பணுக்கள் இருக்கின்றன, தசையும் நன்றாக இருக்கிறது. குறை முக்கும் விதத்தில்தான். பேதி மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயன் இல்லை என்பதும் இதனால் தெரிந்தது. அவருக்கு மருத்துவர் எழுதியது பயோஃபீட்பேக் பயிற்சி. இத்தாலியில் கியாரியோனி குழுவினர் இப்படிப்பட்ட 109 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தப் பயிற்சியும் மறு பாதிக்கு மலமிளக்கியும் கொடுத்துப் பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் பயிற்சி பெற்றவர்களில் 80 விழுக்காட்டினரும் மலமிளக்கி எடுத்தவர்களில் 22 விழுக்காட்டினரும் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார்கள்.

பயிற்சியின்போது அழுத்தம் அளக்கும் குழாய் மறுபடியும் உள்ளே இருக்கும், ஆனால் இப்போது திரை நோயாளியின் பக்கம் திரும்பியிருக்கும். மூச்சை அடைத்து, பல்லைக் கடித்து முக்காமல், வயிற்றைத் தளர்த்தி மெல்ல உப்பச் செய்து அழுத்தும்போது ஆசனவாயின் கோடு இறங்குவதை அவரே பார்க்கிறார். எந்த அசைவில் அது இறங்கியது என்பதை உடல் பிடித்துக்கொள்கிறது. பிறகு பலூனை வைத்துத் தள்ளிப் பழகுகிறார். வீட்டில், கொமோடில் உட்காரும்போது காலுக்கடியில் மனையைப் போட்டு முழங்கால்களை உயர்த்திக்கொள்ளச் சொல்கிறார்கள். அரை மணி நேரம் உட்காருவதை நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடச் சொல்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் கோடு அசையவில்லை. மூன்றாவது வாரத்தில் 60க்குக் கீழே இறங்கியது. ஆறாவது அமர்வில் மலக்குடலில் 52, ஆசனவாயில் 36. அன்று பலூனோடு கழிப்பறைக்குப் போனவர் குரல் கொடுத்தபோது ஸ்டாப்வாட்ச் 24 நொடியில் நின்றிருந்தது.