அரைவட்டத்தில் தெரியும் செல்லின் சிதைவு

லித்தியம் அயனி செல் ஒன்று பழையதாகும்போது அதன் உள்தடை கூடுகிறது. நேர்மின்னோட்ட அளவீடு அந்தக் கூடுதலை ஒரே எண்ணாகத்தான் தரும். தடை கூடியது மின்பகுளியிலா, மின்முனைப் பரப்பிலா, துகளுக்குள்ளேயா என்பதை அந்த எண் சொல்லாது. மின்வேதியியல் இம்பீடன்ஸ் நிறமாலையியல் இவற்றை வேகத்தின் அடிப்படையில் பிரிக்கிறது. செல்லுக்குள் சிறிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, அதன் அதிர்வெண்ணை 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 மில்லிஹெர்ட்ஸ் வரை படிப்படியாகக் குறைத்தால், விரைவான நிகழ்வுகள் முதலிலும் மெதுவானவை பின்னரும் வெளிப்படுகின்றன.

கிடைக்கும் இம்பீடன்ஸின் மெய்ப்பகுதியைக் கிடை அச்சிலும், கற்பனைப் பகுதியின் எதிர்மதிப்பைக் குத்து அச்சிலும் குறித்தால் நைக்விஸ்ட் வரைபடம் உருவாகிறது. உயர் அதிர்வெண்ணில் வளைவு கிடை அச்சை வெட்டும் புள்ளி, மின்பகுளியும் உலோகத் தொடர்புகளும் தரும் ஓமிய தடை. நடுவில் எழும் அரைவட்டத்தின் அகலம், மின்முனைப் பரப்பில் மின்னூட்டம் கைமாறும்போதும் படலத்தைக் கடக்கும்போதும் ஏற்படும் தடை. கடைசியில் சாய்ந்து மேலேறும் வால், துகளுக்குள் லித்தியம் மெதுவாகப் பரவுவதைக் காட்டுகிறது.

பழைய செல்லில் பெரும்பாலும் வளர்வது இந்த அரைவட்டம்தான். அது வளர்ந்த காரணத்தை அறிய அகலம் மட்டும் போதாது; உச்சியின் அதிர்வெண்ணும் வேண்டும். தடை R, உச்சி அதிர்வெண் f என்றால், பரப்பின் மின்தேக்குத்திறன் C = 1/(2πfR). வினை நிகழும் பரப்பு குறைந்தால் C-யும் அதே விகிதத்தில் குறையும். பரப்பு அப்படியே இருந்து வினை மட்டும் மந்தமானால் C மாறாது.

நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் ஆக்சைடும் கிராஃபைட்டும் கொண்ட 3 ஆம்பியர்-மணி செல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். புதிதாக இருக்கையில் அரைவட்டத்தின் அகலம் 15 மில்லி ஓம், உச்சி 50 ஹெர்ட்ஸ் எனில், C ஏறத்தாழ 0.21 ஃபாரட். பல சுழற்சிகளுக்குப் பின் அகலம் 45 மில்லி ஓம் ஆகிறது. உச்சி 17 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தால் C பழைய மதிப்பிலேயே நிற்கிறது. பரப்பு குறையவில்லை, அதன் மேல் மந்தமான அடுக்கு ஒன்று வளர்ந்திருக்கிறது. உச்சி 50 ஹெர்ட்ஸிலேயே இருந்தால் C 0.07 ஃபாரடுக்குச் சரிந்திருக்கும். துகள்கள் மின்தொடர்பை இழந்து வினையிலிருந்து விலகிவிட்டன என்று பொருள். அகலம் இரண்டிலும் ஒன்றே, நோய்தான் வேறு. துகள் விரிசல்விட்டு மின்பகுளி உள்ளே புகுந்தால் பரப்பு கூடும் என்பதால், அது பரப்பிழப்பை ஓரளவு மறைக்கவும் கூடும்.

அடுத்த கேள்வி, எந்த மின்முனை என்பது. முழுச் செல்லில் இரு மின்முனைகளின் அரைவட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், சமன்பாட்டுச் சுற்றைப் பொருத்திப் பார்த்தே இதை முடிவு செய்வது ஆபத்து. ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டியில் செல்லைத் திறந்து, ஒரே மின்முனையிலிருந்து இரு வில்லைகளை வெட்டி, அவற்றை எதிரெதிராக வைத்துச் சமச்சீர் செல் அமைக்க வேண்டும். அதன் இம்பீடன்ஸை இரண்டால் வகுத்தால் ஒற்றை மின்முனையின் மதிப்பு கிடைக்கும். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டானின் குழு இம்முறையைக் கொண்டு மின்பகுளிச் சேர்ப்பான்களை ஆராய்ந்தது. மேலே கண்ட செல்லில் C மாறாமல், நேர்மின்முனையின் சமச்சீர் செல்லில் மட்டும் தடை மும்மடங்கானால், ஆக்சைடு பரப்பின் படிக அமைப்பு மாறி உருவாகும் பாறையுப்பு வகை அடுக்கையோ, அங்கே படிந்த படலத்தையோ சந்தேகிக்க இடமுண்டு. இவ்விரண்டில் எது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் சொல்லும்.

இந்த ஒப்பீடு செல்லுபடியாக, அளவீட்டு நிலை மாறாதிருக்க வேண்டும். மின்னூட்டக் கைமாற்றத்தின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் அளவில் இருந்தால், 25 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தடை இரட்டிப்பாகும். ஆகவே வெப்பநிலை அறை இல்லாமல் சிதைவை அளக்க இயலாது. மின்னூட்ட நிலையும் தடையை மாற்றும் என்பதால், புதிய செல்லையும் பழையதையும் ஒரே ஓய்வு மின்னழுத்தத்தில் அளப்பது நல்லது. மில்லி ஓம் அளவுக்கு நான்கு கம்பி இணைப்பு கட்டாயம். மேற்கண்ட செல்லுக்கு 150 மில்லி ஆம்பியர் வீச்சு போதும். 60 மில்லி ஓமில் அது 9 மில்லி வோல்ட்டை மட்டுமே எழுப்பும்.

10 மில்லிஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கே 100 வினாடி ஆகிறது. செல் போதிய ஓய்வு பெறாமல் மின்னழுத்தம் நகர்ந்துகொண்டிருந்தால் வால் பகுதி பொய்யாகும். கிராமர்ஸ்-குரோனிக் சோதனையில் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், அந்தத் தரவின் மீது எந்தச் சுற்றையும் பொருத்தக் கூடாது.

இம்பீடன்ஸ் காட்டாத சிதைவும் உண்டு. சுழலும் லித்தியம் எஸ்.இ.ஐ. படலத்தில் சிக்கிக் குறையும்போது, அரைவட்டம் அதிகம் மாறாமலே கொள்திறன் சரியலாம். அப்போது மெதுவான மின்னோட்டத்தில் எடுத்த மின்னழுத்த வளைவின் வகைக்கெழுவைக் கொண்டு லித்தியம் இழப்பைக் கணக்கிட வேண்டும்.