கண்ணால் கண்டால் ஒரு விகுதி

குடகுக்குச் சுற்றுலா போகிற தமிழர்கள் வழியில் பைலகுப்பேயில் இறங்காமல் வருவதில்லை. மைசூர் மாவட்டத்தில், குஷால்நகருக்குப் பக்கத்தில் இருக்கிற திபெத்தியர் குடியிருப்பு அது. 1960களின் தொடக்கத்தில் அகதிகளாக வந்தவர்கள் காட்டைத் திருத்தி ஊராக்கியது. தங்கக் கோயிலைப் பார்த்து, படம் எடுத்து, மோமோ சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே காதில் விழும் மொழியைக் கவனிக்கிறவர்கள் குறைவு. கவனித்தால், கண்ணுக்கு எட்டாத ஒரு கோயில் அதற்குள் இருக்கிறது.

திபெத்திய மொழி கற்பவர்களுக்கு முதல் சில நாளிலேயே சொல்லித்தரும் கேள்வி, "உங்கள் பெயர் என்ன?" என்பது. லாசா வழக்கில் அது இப்படி இருக்கும்: "கெரங்கி ட்சென்லா கரெ ஷுகியோ?" தாஷி என்று ஒருவர் இருந்தால் அவர் சொல்லும் பதில்: "ஙே மிங்லா தாஷி செர்கியோ." கேள்வியில் பெயருக்கு 'ட்சென்' என்று ஒரு சொல்; பதிலில் 'மிங்' என்று வேறு சொல். கேள்வியில் 'ஷு', பதிலில் 'செர்'. கடைசியில் வரும் 'யோ' மட்டும் இரண்டிலும் மாறவில்லை. ஏன் சில சொற்கள் மாறின, ஏன் அந்த ஒன்று மாறவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், இந்த மொழியின் பாதி இலக்கணம் பிடிபட்ட மாதிரிதான்.

தமிழருக்கு இது ஒன்றும் அந்நியமான விஷயமில்லை. 'வந்தாராம்' என்ற ஒரே சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'ஆர்' என்பது வந்தவருக்குத் தரும் மரியாதை. 'ஆம்' என்பது, நான் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டேன் என்ற ஒப்புதல். மரியாதை ஒரு விகுதியில், செய்தி வந்த வழி இன்னொரு விகுதியில். ஆனால் தமிழில் 'ஆம்' நம் விருப்பம். காதில் விழுந்த சங்கதியையும் "மாமா வந்தார்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். இலக்கணப் பிழை என்று யாரும் பிடிக்கமாட்டார்கள். லாசா திபெத்தியத்தில் அந்தச் சலுகை கிடையாது. வினையை முடிக்க வேண்டுமானால், அது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் முடிக்க வேண்டும்.

'இருக்கிறது' என்பதையே எடுத்துக்கொள்வோம். அதற்கு அங்கே முக்கியமாக மூன்று வடிவங்கள். என்னுடையது, என் சொந்த அனுபவத்தில் எனக்கு உள்ளபடி தெரிந்தது என்றால் 'யோ'. நேரில் பார்த்து அறிந்தது என்றால் 'துக்'. பொதுவாக எல்லோருக்கும் தெரிந்தது, படித்தது, பிறர் சொல்லித் தெரிந்தது என்றால் 'யோரெ'. அடுக்களையில் எட்டிப் பார்த்துவிட்டு "தேநீர் இருக்கு" என்று சொல்பவர் 'துக்' போடுவார். "என்னிடம் தேநீர் இருக்கிறது" என்று தன் வீட்டுச் சரக்கைச் சொல்பவர் 'யோ' போடுவார்.

"திபெத்தில் யாக் எருமை இருக்கிறது" என்பது மொழியியல் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும் வாக்கியம். அங்கே போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் 'துக்' என்று முடிக்கலாம். பைலகுப்பேயில் பிறந்து, கர்நாடகச் சோளக்கொல்லைகளைத் தவிர வேறு நிலம் பார்க்காத இளைஞர், தன் தாய்நாட்டைப் பற்றிய அதே வாக்கியத்தை 'யோரெ' என்றுதான் முடிக்க முடியும். கேள்விப்பட்ட உண்மை என்கிற வடிவம் அது. தான் ஊரை விட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை அவருடைய வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது.

நடந்து முடிந்த செயலுக்கு வந்தால் இன்னும் சுவாரசியம். பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் படியேறி வருவதை நீங்கள் பார்த்தீர்கள்: "கோங் பெப் சோங்." நீங்கள் வெளியே போய்த் திரும்பியபோது வாசலில் அவர் செருப்புக் கிடக்கிறது, ஆளைப் பார்க்கவில்லை: "கோங் பெப் ஷக்." நேற்று வந்தார் என்பது வீட்டார் சொல்லி உங்களுக்குத் தெரியும், அதை ஒரு தகவலாகச் சொல்கிறீர்கள்: "கோங் பெப்பா ரெ." பழைய மன்னர்களின் கதையைச் சொல்லும்போதும் இந்தக் கடைசி வடிவம்தான் வரும், யாரும் நேரில் பார்த்திருக்க முடியாதே. செருப்பை மட்டும் பார்த்துவிட்டு 'சோங்' போட்டால், வந்தது உண்மையாகவே இருந்தாலும், பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்ன கணக்காகும்.

இந்த விகுதிகள் வானத்திலிருந்து விழவில்லை. 'சோங்' என்பது 'போனது' என்ற வினை. 'துக்' ஒரு காலத்தில் 'உட்கார், தங்கு'. 'ஷக்' என்றால் 'வைத்தது'. வைத்தது வைத்தபடி கிடக்கிறது, அதைக் கண்டு நடந்ததை ஊகிக்கிறோம் என்று பொருள் நகர்ந்திருக்கிறது. தமிழும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது. 'வந்திருக்கு' என்பதில் இரு, 'செஞ்சுவச்சிருக்கான்' என்பதில் வை, 'உடைஞ்சு போச்சு' என்பதில் போ. நாம் துணைவினை என்று பள்ளியில் படித்ததை, அவர்கள் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்கள்.

அந்த 'உடைஞ்சு போச்சு' விஷயமாக இன்னும் ஒன்று. தன்னைப் பற்றிப் பேசும்போது, தான் வேண்டுமென்று செய்த செயலுக்குத் தனி முடிவு உண்டு: 'பா யின்'. நான் போனேன், நான் சாப்பிட்டேன் எல்லாம் அப்படித்தான் முடியும். கைதவறிக் கிண்ணம் உடைந்துவிட்டால்? அங்கே 'பா யின்' போட்டால், வேண்டுமென்றே உடைத்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. 'சோங்' போட்டால், உடைத்தவன் நான்தான், ஆனாலும் நான் நினைத்துச் செய்யவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தவன்போலச் சொல்கிறேன் என்றாகும்.  தன் சட்டைப்பையில் மறந்துபோன பணம் தட்டுப்பட்டால்கூட, "என்கிட்ட பணம் இருக்கு" என்பதற்கு வழக்கமான 'யோ' வராது, 'துக்' வரும். அட, இருக்கிறதே என்ற வியப்பு அதில் இருக்கிறது. இந்த வகை உதாரணங்களை வைத்துத்தான் ஸ்காட் டெலான்சி என்ற அமெரிக்க மொழியியலாளர், எதிர்பாராததை அறிந்த வியப்பையும் இலக்கணம் ஒரு வகையாகக் குறிக்கும் என்று 1997இல் எழுதினார். அதை ஏற்காதவர்களும் உண்டு, வாதம் ஓயவில்லை.

மரியாதைப் பக்கம் வருவோம். தமிழில் மரியாதை பெரும்பாலும் பிரதிப்பெயரிலும் வினைமுற்றிலும் நின்றுவிடுகிறது. லாசாவில் அது சொல்லையே மாற்றுகிறது. சாதாரணக் கை 'லக்பா', பெரியவர் கை 'சக்'. கண் 'மிக்', அவர் கண் 'சென்'. வாய் 'கா', அவர் வாய் 'ஷல்'. ஆயிரக்கணக்கான சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை. எந்தப் பொருள் எந்த உறுப்போடு சேர்ந்ததோ, அந்த உறுப்பின் மரியாதைச் சொல் அதன்மேல் ஏறிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடி 'மிக்ஷெல்', பெரியவர் போட்டுக்கொண்டால் 'சென்ஷெல்'. கைக்கடிகாரத்துக்குக் கையின் 'சக்' வந்து ஒட்டிக்கொள்ளும். நவீனச் சாமான்களும் தப்பவில்லை: தொலைபேசி 'காபர்', மதிப்புக்குரியவருடையது 'ஷல்பர்'. கருவி ஒன்றுதான், வைத்திருப்பவரைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது.

வினைகளில் கொடுப்பதைப் பார்ப்பது நல்லது. பெரியவர் கொடுத்தால் 'நங்'. பெரியவருக்கு நாம் கொடுத்தால் 'புல்', சமர்ப்பிப்பது. இரண்டும் இல்லாத சாதாரணக் கொடுக்கல் வாங்கலுக்கு வேறு சொல். தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இங்கே பொறிதட்டும். தாழ்ந்தோன் கேட்டால் 'ஈ', ஒத்தோன் கேட்டால் 'தா', உயர்ந்தோன் கேட்டால் 'கொடு' என்று அதுவும் வகுத்திருக்கிறது. நாம் அந்த வரிசையைக் கலைத்துவிட்டோம்.

ஒரு விதி மட்டும் இதில் மீற முடியாதது: தனக்குத் தானே மரியாதைச் சொல் போடக்கூடாது.

இப்போது அந்தப் பெயர் கேள்விக்குத் திரும்பலாம். 'ட்சென்' என்பது பெயருக்கு மரியாதைச் சொல். கேட்பவர் எதிரில் இருப்பவரை மதித்து அதைப் போடுகிறார். பதில் சொல்பவர் தன் பெயரைச் சொல்வதால் 'மிங்' என்று இறங்கிவிடுகிறார். 'ஷு' பணிவான சொல், 'செர்' சாதாரணச் சொல். ஆக மரியாதை பேசுகிறவர் பக்கத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆள் மாறினால் சொல்லும் மாறும்.

'யோ' அப்படி இல்லை. அது சொந்த அனுபவத்தால் தெரிந்ததற்கு உரிய வடிவம். உங்கள் பெயர் என்னவென்று கேட்பவருக்கு அது தெரியாது, தெரியாததால்தான் கேட்கிறார். நியாயப்படி அவர் 'யோ' போட உரிமையே இல்லை. ஆனாலும் போடுகிறார். காரணம், கேள்வியில் அறிவு கேட்பவருடையது அல்ல, பதில் சொல்லப்போகிறவருடையது. அவர் எந்த விகுதியோடு பதில் சொல்வாரோ, அதையே முன்கூட்டி ஊகித்துக் கேள்வியில் வைக்க வேண்டும். "நீங்கள் திபெத்தியரா?" என்பதிலும் இதேதான்: "கெரங் பொபா யின்பே?" என்று, பதிலில் வரப்போகும் 'யின்' கேள்விக்கே வந்துவிடுகிறது. அவர் நேரில் பார்த்திருப்பார் என்று நினைத்தால் 'சோங்' வைத்துக் கேட்கலாம். பார்த்திருக்கமாட்டார் என்று நினைத்தால் 'பா ரெ' வைத்துக் கேட்கலாம். ஊகம் தப்பினால் பதிலில் விகுதி மாறி வரும், அதுவே திருத்தம். மொழி கற்கிற வெளியூர்க்காரர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். கேள்வியில் கேட்ட மரியாதைச் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லித் தன்னைத் தானே உயர்த்திக்கொள்வார்கள். மாற்றக்கூடாத 'யோ'வை மாற்றிவிடுவார்கள்.

எல்லாத் திபெத்தியரும் இப்படிப் பேசுவதாக நினைத்துவிட வேண்டாம். மரியாதைச் சொற்களின் இந்த அடர்த்தி லாசாவையும் அதைச் சுற்றிய நடுத்திபெத்தையும் சேர்ந்தது. வடகிழக்கே அம்தோ மேய்ச்சல்காரர்களின் பேச்சில் இவை வெகு குறைவு. ஆனால் பார்த்ததையும் ஊகித்ததையும் பிரிக்கும் விகுதிகள் அம்தோவிலும் இருக்கின்றன, வடிவம் மட்டும் வேறு.

அடுத்த முறை குடகுப் பக்கம் போனால், மோமோ கடைக்காரரிடம் பெயர் கேட்டுப் பாருங்கள்: கெரங்கி ட்சென்லா கரெ ஷுகியோ? அவர் சொல்லிவிட்டு உங்கள் பெயரையும் கேட்பார். அப்போது மறக்காமல் 'மிங்' என்று தொடங்குங்கள்.