தெரிஞ்ச வார்த்தைதான் கவுத்துடும்

ஜி.ஆர்.இ-க்குப் படிச்சப்போ நான் ரீடிங் பகுதியில மார்க்கை விட்டது தெரியாத வார்த்தையில இல்ல, நல்லாத் தெரிஞ்ச வார்த்தையில.

அந்த மாதிரி ஒரு கேள்வி சொல்றேன். ‘மேயர் அந்தத் திட்டத்துக்கு குவாலிஃபைட் சப்போர்ட் தந்தார், செலவைப் பாதியாகக் குறைத்தால்தான் கையெழுத்து என்றார்.’ குவாலிஃபைட் என்றால் இங்கே என்ன? காம்பிடென்ட், லிமிடெட், என்த்யூசியாஸ்டிக். யோசிக்காம காம்பிடென்ட் போட்டா தப்பு.

அகராதியில அந்த அர்த்தம் இருக்கு. வேலை விளம்பரத்துல தினமும் பார்க்கிறதும் அதுதான். ஆனா தகுதி மேயருக்கு இருக்கலாம், அவர் தர்ற ஆதரவுக்கு எப்படி இருக்கும்? காற்புள்ளிக்கு அப்புறம் வர்ற நிபந்தனையைப் பாருங்க. இது முழு ஆதரவு இல்ல, வரம்பு போட்ட ஆதரவு. விடை லிமிடெட்.

அதனால இப்போ நான் முதல்ல ஆப்ஷன் பக்கமே போறதில்ல. வாக்கியத்தை முழுசாப் படிச்சு, அந்த இடத்துல என் சொந்த வார்த்தை ஒண்ணைப் போடுவேன். வாக்கியத்துல துப்பு கிடைக்கலன்னா முன்னாடி, பின்னாடி இருக்கிற வரியைப் பார்ப்பேன். அதுக்கு அப்புறம்தான் ஆப்ஷன்.