பத்து லாட், இரண்டு அளவு, ஒரு முடிவு: நூற்பாலைப் பஞ்சுக்கு ஒரு பிரிப்புக் கணக்கு

கோயம்புத்தூரில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலம் முதல் கொங்கு நாட்டு நூற்பாலைகளில் தினமும் கேட்கப்படும் கேள்வி இது: வந்திறங்கிய பஞ்சு எந்த நம்பர் நூலுக்குத் தாங்கும்? 60-ஆம் நம்பருக்குப் போகலாமா, 40-க்கு இறக்க வேண்டுமா? தவறான பதிலுக்கு விலை உண்டு. அந்த விலையையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு முறையை இங்கே எண்களோடு பார்ப்போம்.

பஞ்சைப் பரிசோதிக்கும் எச்.வி.ஐ. கருவி தரும் அளவுகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று இழை நீளம், மில்லிமீட்டரில். மற்றொன்று மைக்ரோனேர், அதாவது ஓர் அங்குல இழையின் எடை, மைக்ரோகிராமில். மைக்ரோனேர் குறைந்தால் இழை மெல்லியது. நூலின் குறுக்குவெட்டில் எத்தனை இழை நிற்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: 15,000-ஐ நூல் நம்பராலும் மைக்ரோனேராலும் வகுத்தால் போதும். 60-ஆம் நம்பரில், மைக்ரோனேர் 3.5 என்றால் சுமார் 71 இழை, 4.0 என்றால் 62 தான். இழை குறைந்தால் நூல் அடிக்கடி அறும்.

கீழே உள்ள பத்து லாட்டுகளின் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்தவை. எந்த மில்லின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. ‘அ’ வரிசை 60-ஆம் நம்பரில் நன்றாக ஓடியது. ‘ஆ’ வரிசை அதே நம்பரில் அறுந்து அறுந்து நின்றது.

| லாட் | நீளம் | மைக்ரோனேர் | மதிப்பெண் |
|---|---|---|---|
| அ1 | 30.0 | 3.4 | 18 |
| அ2 | 30.5 | 3.4 | 20 |
| அ3 | 31.0 | 3.7 | 13 |
| அ4 | 31.5 | 3.4 | 24 |
| அ5 | 32.0 | 3.6 | 20 |
| ஆ1 | 29.0 | 3.8 | 2 |
| ஆ2 | 29.5 | 4.0 | −2 |
| ஆ3 | 30.0 | 3.7 | 9 |
| ஆ4 | 30.5 | 4.0 | 2 |
| ஆ5 | 31.0 | 4.0 | 4 |

நீளத்தை மட்டும் பார்த்தால் 30 முதல் 31 வரை இரண்டு வரிசையும் கலந்து கிடக்கின்றன. மைக்ரோனேரை மட்டும் பார்த்தாலும் அ3, ஆ3 இரண்டுக்கும் 3.7 தான். இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கும் வழியை ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் வெளியிட்டார். அவர் பிரித்துக் காட்டியது ஐரிஸ் பூக்களை. கடைசிக் கட்டத்தில் உள்ள மதிப்பெண் அந்த வழியில் வந்ததுதான்.

முதலில் சராசரி. ‘அ’ வரிசைக்கு நீளம் 31.0, மைக்ரோனேர் 3.5. ‘ஆ’ வரிசைக்கு 30.0, 3.9. இடைவெளி: நீளத்தில் +1.0, மைக்ரோனேரில் −0.4.

அடுத்து, வரிசைக்குள் இருக்கும் சிதறல். ஒவ்வொரு லாட்டும் தன் வரிசையின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எடுத்து, வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். இரண்டு வரிசையையும் சேர்த்தால் நீளத்துக்கு 5.0, மைக்ரோனேருக்கு 0.16. இரண்டு விலகல்களையும் பெருக்கிக் கூட்டினால் 0.40. பத்து லாட்டுகளில் இரண்டு சராசரிகளுக்காக இரண்டைக் கழித்து 8-ஆல் வகுத்தால் 0.625, 0.02, 0.05 கிடைக்கும்.

அந்த 0.05 கூட்டல் எண்ணாக இருப்பதைக் கவனியுங்கள். ஒரே வரிசைக்குள் நீளம் கூடும்போது மைக்ரோனேரும் சற்றே கூடுகிறது. முற்றாத இழை மெலிந்திருக்கும், ஜின்னிங்கில் எளிதில் உடைந்து குட்டையாகும் என்பதால் இது நடக்கக்கூடியதே. ஆனால் நல்ல வரிசைக்கும் கெட்ட வரிசைக்கும் நடுவே போக்கு நேரெதிர்: நீளம் கூட, மைக்ரோனேர் குறைகிறது. இந்த முரண்தான் நமக்குப் பிடிமானம்.

நீளத்தின் எடை a, மைக்ரோனேரின் எடை b என்று வைத்து இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும்:

0.625a + 0.05b = 1.0
0.05a + 0.02b = −0.4

விடை a = 4, b = −30. ஆக, மதிப்பெண் = 4 × நீளம் − 30 × மைக்ரோனேர். ‘அ’ சராசரிக்கு 19, ‘ஆ’ சராசரிக்கு 3. நடுக்கோடு 11. பத்தும் சரியான பக்கத்தில் விழுகின்றன.

சராசரிகளுக்கு இடையிலான 16 என்ற தூரம், மகாலனோபிஸ் 1936-இல் வரையறுத்த தூரத்தின் வர்க்கம். நீளம் மட்டும் தருவது 1.6, மைக்ரோனேர் மட்டும் தருவது 8, கூட்டினால் 9.6. ஒன்றோடொன்று உள்ள தொடர்பையும் கணக்கில் எடுத்ததால் அது 16 ஆனது.

இப்போது புதிய லாட்: 100 பேல், நீளம் 30.8, மைக்ரோனேர் 3.7. மதிப்பெண் 123.2 − 111 = 12.2. நடுக்கோட்டைவிட 1.2 அதிகம். எனவே 60-ஆம் நம்பருக்கு அனுப்பலாம் என்கிறது கணக்கு.

ஆனால் நடுக்கோடு, இரு தவறுகளுக்கும் ஒரே விலை என்று கருதுகிறது. ஒரு பேல் 170 கிலோ. 100 பேல் 17,000 கிலோ. நல்ல பஞ்சை 40-க்கு இறக்கினால் கிலோவுக்கு ₹3 விட்டுப்போகிறது என்று வைப்போம்: ₹51,000. தாங்காத பஞ்சை 60-க்கு ஏற்றினால் நூல் அறுதல், கழிவு, உற்பத்திக் குறைவு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு ₹12 என்று வைப்போம்: ₹2,04,000.

இரண்டு வகையும் சம அளவில் வரும் என்று கொண்டால், 1.2 என்ற உபரிக்கு இது ‘அ’ வகையாக இருக்கும் வாய்ப்பு 100-க்கு 77. ‘ஆ’ வகையாக இருக்கும் வாய்ப்பு 23.

| முடிவு | எதிர்பார்க்கும் நட்டம் |
|---|---|
| 60-க்கு அனுப்பினால் | 0.23 × 2,04,000 = ₹46,920 |
| 40-க்கு அனுப்பினால் | 0.77 × 51,000 = ₹39,270 |

40-க்கு அனுப்புவதே ₹7,650 லாபம். ஒரு தவறின் விலை மற்றதைப் போல நான்கு மடங்கு என்பதால் கோடு 11-லிருந்து 12.39-க்கு ஏறுகிறது; கூடும் 1.39 என்பது 4-இன் இயல் மடக்கை. 12.2 அதற்குக் கீழே நிற்கிறது.

இந்தக் கணக்கு எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டை வரைந்த அதே பத்து லாட்டுகளை வைத்து ‘பத்தும் சரி’ என்பது சோதனை ஆகாது. ஒன்றை விலக்கிவிட்டு, மீதி ஒன்பதில் கோடு போட்டு, விலக்கியதைப் பார்க்க வேண்டும். அ3-ஐ விலக்கினால் எடைகள் 5.2, −47.6 என்று தாவுகின்றன. அ3 அப்போதும் சரியான பக்கத்தில்தான் விழுகிறது. ஆனால் கோட்டுக்கு மேல் 2 இருந்த உபரி 1.4-ஆகச் சுருங்குகிறது. ஒரு லாட் போனாலே எடை இவ்வளவு ஆடினால், பத்து லாட் போதாது என்று பொருள்.

இரண்டாவது, வரம்புக்கு வெளியே போவது. நீளம் 29, மைக்ரோனேர் 2.7 உள்ள லாட்டுக்கு மதிப்பெண் 35 வரும். பட்டியலில் எதற்கும் இவ்வளவு இல்லை. உண்மையில் அது முற்றாத பஞ்சாக இருக்கலாம். நூலில் நெப் விழும், சாயமும் சரியாக ஏறாது. நேர்க்கோட்டுக்கு ‘மிகக் குறைவும் கெடுதல்’ என்பது தெரியாது. 3.4 முதல் 4.0 வரை பார்த்துப் போட்ட கோடு அந்த எல்லைக்குள்தான் செல்லும்.

உங்கள் மில்லில் இதைச் செய்து பார்க்க விரும்பினால், வரிசைக்கு ஐந்து லாட்டோடு நிறுத்தாமல் குறைந்தது முப்பது லாட்டின் எச்.வி.ஐ. அளவுகளையும், ஓடிய விதத்தையும் பதிவேட்டிலிருந்து எடுங்கள். கோடு போடுவதற்கு முன் இரண்டு தவறுகளுக்கும் கிலோவுக்கு எவ்வளவு நட்டம் என்பதை எழுதி வையுங்கள். அந்த இரண்டு எண் இல்லாமல் 12.2-ஐ எந்தப் பக்கம் தள்ளுவது என்று யாராலும் சொல்ல முடியாது.