அம்மாவுக்கு அடுத்து ஒரு வெற்று வரி

புதுக்கவிதையைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. உரைநடையை எழுதி அங்கங்கே மடக்கிப் போட்டால் கவிதை ஆகிவிடுமாம். கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்படி மடக்கிப் போட்டதைத் தவிர வேறெதுவும் செய்யாத கவிதைகள் வாரந்தோறும் அச்சாகின்றன. ஆனால் எங்கே மடக்குகிறோம், எங்கே ஒரு வரி இடம் விடுகிறோம் என்பதைப் பொறுத்து, சொல்லப்படும் கதையே மாறிப்போகக்கூடும். அதைச் சோதித்துப் பார்க்க யாருடைய கவிதையும் வேண்டாம். இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய ஏழு சொற்கள் போதும்.

கடைசிப் பேருந்தும் போய்விட்டது
அம்மா வாசல் விளக்கை அணைக்கவில்லை

இப்படி ஒட்டி எழுதினால் இது ஒரு செய்தி. யாரோ வரவேண்டியவர் வரவில்லை, அம்மா காத்திருக்கிறாள். பேருந்து போன அதே நொடியில் விளக்கும் கண்ணில் படுகிறது. இதே இரண்டு வரிகளுக்கு நடுவே ஓர் இடம் விடுவோம்.

கடைசிப் பேருந்தும் போய்விட்டது

அம்மா வாசல் விளக்கை அணைக்கவில்லை

சொல் ஒன்றும் கூடவில்லை. ஆனால் இப்போது இரண்டு வரிகளுக்கும் இடையில் நேரம் புகுந்துவிட்டது. பேருந்து போய் எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு மணி நேரமா, விடியப்போகிறதா? கவிதை சொல்லவில்லை. உரைநடையில் இந்த இடத்தில் ‘ஆனாலும்’ என்றோ ‘நள்ளிரவு தாண்டியும்’ என்றோ எழுதியாக வேண்டும். எழுதிவிட்டால் நேரம் ஓர் அளவுக்குள் அடங்கிவிடும். வெற்று வரி அந்த அளவை வாசகரிடம் விட்டுவிடுகிறது.

அடுத்து, இடைவெளியை வினைச்சொல்லுக்கு முன்னால் நகர்த்திப் பார்ப்போம்.

கடைசிப் பேருந்தும் போய்விட்டது
அம்மா வாசல் விளக்கை

அணைக்கவில்லை

தமிழ் வாக்கியம் வினையில்தான் முடியும். நடந்ததா நடக்கவில்லையா என்பதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் தெரியும். ‘அம்மா வாசல் விளக்கை’ என்று படித்துவிட்டு வெற்று வரியில் நிற்கிற வாசகர், கடைசிப் பேருந்தும் போன பிறகு வேறென்ன செய்வாள் என்று எண்ணி ‘அணைத்தாள்’ என்று தாமே முடித்துவைத்திருப்பார். கீழே இறங்கினால் அவர் எதிர்பார்த்தது பொய்த்துப்போகிறது. முந்தைய வடிவத்தில் கவனம் காத்திருப்பின் நீளத்தில் இருந்தது. இங்கே அது அம்மாவின் முடிவுக்கு மாறிவிட்டது. அவள் அணைக்கப் போனாள், கை சுவிட்ச் வரை சென்றது, திரும்பிவிட்டது என்றுகூடப் படிக்கலாம். கை என்ற சொல்லே கவிதையில் இல்லை.

நான்காவது வடிவம்தான் எனக்குப் பிடித்தது.

கடைசிப் பேருந்தும் போய்விட்டது
அம்மா

வாசல் விளக்கை அணைக்கவில்லை

இதுவரை எழுவாயாக இருந்த அம்மா இப்போது விளியாகிவிட்டாள். ‘கடைசிப் பேருந்தும் போய்விட்டது அம்மா’ என்று பிள்ளை சொல்வதுபோலக் கேட்கிறது. அப்படியானால் விளக்கை அணைக்காதது யார்? தமிழில் ‘அணைக்கவில்லை’ என்பதில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற வேறுபாடு கிடையாது. நான் அணைக்கவில்லை, நீ அணைக்கவில்லை, அவள் அணைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்தான். ஆகவே அணைக்காதது பேசுகிற பிள்ளையாக இருக்கலாம். வரவேண்டியவள் அம்மாவாக இருக்கலாம். அவள் இனி எந்தப் பேருந்திலும் வரமுடியாத இடத்துக்குப் போனவளாகவும் இருக்கலாம். காத்திருந்தவள் காத்திருக்கப்படுகிறவள் ஆகிவிட்டாள். இவ்வளவையும் செய்தது ஒரு வெற்று வரி. அதற்கு ஒத்தாசை செய்தது நம் இலக்கணம்.

இது தமிழ் தரும் வசதி. எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம், பெயரை அப்படியே விளியாகவும் வைக்கலாம், உடன்பாட்டையும் எதிர்மறையையும் கடைசி நொடிவரை ஒளித்துவைக்கலாம். பெயரெச்சமும் இதற்கு உதவும். ‘நேற்று வந்து பணம் வாங்கிப்போன’ என்று நிறுத்தி ஓர் இடம் விட்டால், வாங்கிப்போனவர் மகனா கடன்காரரா என்ற கேள்வி அந்த இடத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் ஆள் முன்னால் வந்துவிடுவதால் அங்கே கவிஞர் வேறு இடத்தில் மடக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுக் கவிதைகளின் வரியமைப்பைப் பார்த்து அப்படியே தமிழில் மடக்கினால் பல சமயம் ஒன்றும் நிகழாமல் போவதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் பழைய செய்யுளுக்கு இந்த வெற்றிடம் எதற்கு வேண்டியிருக்கவில்லை? ஓலைச்சுவடியில் பாட்டை வரி பிரித்து எழுதுவதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளிகூட வைப்பதில்லை. எழுத்துகள் ஓலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும். பாட்டு முடிந்தால் ஓர் எண்ணோ குறியோ இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் படிக்கத் தெரிந்தவருக்கு அடி எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் வரவில்லை. சீர்களை எண்ணிக் காது சொல்லிவிடும். இரண்டாம் எழுத்தில் வரும் எதுகை ‘இதோ அடுத்த அடி’ என்று அறிவிக்கும். வெண்பாவின் கடைசி அடி நான்கு சீருக்குப் பதில் மூன்று சீரோடு குறுகி நிற்கும்போது, பாட்டு முடிந்தது என்பதை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை.

பத்தி பிரிப்பதும் ஓசையின் வேலையாகவே இருந்தது. கலிப்பாவில் தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று உறுப்புகள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடை மாறும். அந்த மாற்றமே இடைவெளி. அந்தாதி இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்தது. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லை அடுத்த பாட்டின் தலையில் வைத்து, நடுவில் இருக்கும் பிளவை மூடியது. வாக்கியம் ஒரு பாட்டில் முடியாமல் பல பாட்டுகளைக் கடந்து போய் ஒரு வினையில் முடிந்தால் அதற்குக் குளகம் என்று பெயரே வைத்திருந்தார்கள். பத்தியைத் தாண்டி வாக்கியம் ஓடுவது நவீனக் கவிதையின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் தண்டியலங்காரத்தை ஒருமுறை புரட்டலாம்.

ந. பிச்சமூர்த்தி 1934-இல் மணிக்கொடியில் எழுதத் தொடங்கியபோதும், 1959-இல் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் புதிய கவிஞர்களுக்கு இடம் கொடுத்தபோதும், யாப்பு விலகிக்கொண்டே வந்தது. சீர்க்கணக்கு இல்லை, கட்டாய எதுகை இல்லை. அடி எங்கே முடிகிறது என்பதைக் காது இனிச் சொல்லாது. அந்தப் பொறுப்பு முழுவதும் கண்ணுக்கு வந்தது. அச்சில் வரி எங்கே முறிகிறதோ அங்கேதான் வரி, இடம் எங்கே விடப்பட்டதோ அங்கேதான் பத்தி. ஆகவே புதுக்கவிதையில் வெற்றிடத்தை இழந்தால், வெண்பாவில் தளை தட்டியதற்குச் சமம். வெண்பாவிலாவது பிழை காதில் இடறும். இங்கே யாருக்கும் தெரியாமலே நடந்துவிடும்.

அச்சுக்கூடத்தில் இது பெரிய சிக்கல் என்பதற்குப் பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மேயின் கதை சாட்சி. பகடை உருட்டுவதைத் தலைப்பில் கொண்ட அவருடைய நீண்ட கவிதை 1897-இல் ஓர் இதழில் வெளிவந்தது. சொற்களை வெவ்வேறு எழுத்தளவில், பக்கம் முழுக்கச் சிதறவிட்டு எழுதியிருந்தார். விரித்துவைத்த புத்தகத்தின் இடது, வலது பக்கங்கள் இரண்டும் சேர்ந்து ஒரே வெளியாக இருக்க வேண்டும், வரிகள் நடுமடிப்பைத் தாண்டிப் போக வேண்டும் என்பது அவர் திட்டம். இதழிலோ தனித்தனிப் பக்கங்களாகவே அச்சானது. அவர் 1898-இல் இறந்துவிட்டார். விரிந்த இரு பக்க வடிவில் நூல் வந்தது 1914-இல்.

நம் கவிதைகளுக்கு நேர்வது இதைவிடச் சாதாரணமான விபத்துகள். முதலாவது, பக்கத்தின் கடைசி. கவிதை பக்க முடிவில் முறிந்து அடுத்த பக்கத்தில் தொடரும்போது, அங்கே பத்தி முடிந்ததா வெறும் தாள் முடிந்ததா என்று சொல்ல வழியில்லை. மேலே நாம் பார்த்த ‘அம்மா’ ஒரு பக்கத்தின் கடைசி வரியாக அமைந்துவிட்டால், அவள் எழுவாயா விளியா என்பதைப் பக்கம் வடிவமைப்பவர் தீர்மானித்ததாகிவிடும். கவனமுள்ள பதிப்பாளர் ஒரு வரியை முன்னோ பின்னோ தள்ளி, பத்தியின் நடுவில் தாள் முறியும்படி பார்த்துக்கொள்வார். தொடர்கிறது என்பது அப்போது தானே விளங்கும்.

இரண்டாவது, அகலம். இதழின் குறுகிய பத்தியிலோ கைபேசித் திரையிலோ நீண்ட வரி தானாக மடிந்துவிடும். எழுதியவர் மடக்கியது எது, இயந்திரம் மடக்கியது எது? கண்டுபிடிக்க ஒரு தடயம் உண்டு. ஒரு சொல் மட்டும் அடுத்த வரியில் தொங்கி, அதற்கு முந்தைய வரி வலது ஓரம்வரை நிரம்பியிருந்தால் அது பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை. மூன்றாவது விபத்து நாமே செய்வது. படியெடுத்து அனுப்பும்போது வெற்று வரிகள் விழுந்துவிடுகின்றன, அல்லது எல்லா வரிகளுக்கு நடுவிலும் இடம் வந்து ஒவ்வொரு வரியும் ஒரு பத்தி ஆகிவிடுகிறது. இரண்டுமே கவிதையைக் கெடுக்கும். கல்யாணப் பத்திரிகைபோல எல்லா வரிகளையும் நடுவில் நிறுத்தி அச்சிடும் வழக்கமும் அப்படித்தான். இடது ஓரம் நேராக இருந்தால்தான் உள்ளே தள்ளி எழுதிய ஒரு வரி கண்ணில் படும்.

கவிஞர்கள் பங்குக்கும் குற்றம் உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு வரி, இரண்டு வரிக்கு ஓர் இடைவெளி என்று முழுக் கவிதையையும் எழுதினால் எந்த இடைவெளிக்கும் எடை இருக்காது. கவியரங்க மேடையில் ஒரே வரியை இரண்டு முறை சொல்லிக் கைதட்டலுக்கு நிறுத்துவார்கள். அங்கே அந்த நிறுத்தம் கூட்டத்துக்கானது, பொறுத்துக்கொள்ளலாம். தாளில் அதையே செய்தால் அது அலங்காரம் மட்டுமே. ஓர் இடைவெளி தேவையா என்று அறிய எளிய வழி, அதை மூடிவிட்டுப் படித்துப் பார்ப்பது. காலமோ, ஐயமோ, பேசுபவர் யார் என்ற மாற்றமோ, ஏதாவது ஒன்று காணாமல் போனால் அந்த இடம் வேலை செய்துகொண்டிருந்தது. எதுவும் போகவில்லை என்றால் முதலில் சொன்ன கேலிக்கு அந்தக் கவிதை தகுதியானதுதான்.

இதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. சொற்களுக்குள் ஏற்கெனவே இருக்கிற வழியைத்தான் இடைவெளி திறந்துவிட முடியும். நம் ஏழு சொற்களில் ‘அணைக்கவில்லை’ என்பதற்குப் பதில் ‘அணைத்தாள் இல்லை’ என்று எழுதியிருந்தால், படர்க்கைப் பெண்பால் வெளிப்பட்டுவிடும். பிறகு எத்தனை வெற்று வரி விட்டாலும் பிள்ளைக்கு அந்த விளக்கு சொந்தமாகாது.

அடுத்த முறை பிடித்த கவிதை ஒன்றை நண்பருக்கு அனுப்பும்போது, அனுப்பும் முன் நூலைப் பக்கத்தில் வைத்து வெற்று வரிகளையும் சரிபாருங்கள். இடம் சரியாக விழவில்லை என்றால் பக்கத்தைப் படமெடுத்தே அனுப்பிவிடுங்கள்.