கன மீட்டர் யூனிட்டாகும் கணக்கு

முசிறியில் சமையல் கேஸ் எடைக்கணக்கில் வருகிறது. சிலிண்டருக்கு 14.2 கிலோ, சந்தேகம் வந்தால் கொண்டுவருபவரையே நிறுத்துக் காட்டச் சொல்லலாம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் அக்கா மகன் வீட்டுக்குக் குழாயில் வருகிறது. மீட்டர் காட்டுவது கன மீட்டர். பில்லில் இருப்பதோ கிலோவாட் மணி, அதாவது நம் கரண்ட் பில்லில் வரும் அதே ‘யூனிட்’. “மாமா, 120 எப்படி 1,343 ஆச்சு?” என்று கேட்டு பில்லைப் படமெடுத்து அனுப்பியிருந்தான்.

பில்லின் பின்பக்கத்திலேயே கணக்கு இருக்கிறது:

120 × 1.02264 × 39.4 ÷ 3.6 = 1,343

முதல் பெருக்கல் திருத்தக் காரணி. சூடானால் வாயு விரியும், அழுத்தினால் சுருங்கும். அதனால் 15 டிகிரி வெப்பத்தையும் கடல்மட்டக் காற்றழுத்தத்தையும் பொது அளவாக வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் மீட்டருக்குள் வரும் வாயு சராசரியாக 12.2 டிகிரி என்று கொள்கிறார்கள்; அழுத்தமும் வெளிக்காற்றைவிடச் சற்று அதிகம். ஆகவே மீட்டர் ஒரு கன மீட்டர் என்று காட்டும்போது உள்ளே போனது பொது அளவில் இரண்டேகால் சதவீதம் கூடுதல். வீடுகளுக்கெல்லாம் இந்த ஒரே எண்தான். மலைமேல் இருக்கும் வீட்டுக்கும் அதுவே என்பது கொஞ்சம் அநியாயம்தான்.

39.4 என்பது வெப்ப மதிப்பு: ஒரு கன மீட்டர் எரிந்தால் கிடைக்கும் மெகாஜூல். எந்த வயலிலிருந்து வந்த வாயு என்பதைப் பொறுத்து இது மாறும், அதனால் பில்லுக்குப் பில் வேறுபடும். ஒரு யூனிட்டுக்கு 3.6 மெகாஜூல் என்பதால் கடைசியில் அந்த வகுத்தல். 1,343 யூனிட் என்பது நம் சிலிண்டர் கணக்கில் ஏறக்குறைய ஏழு. குளிர்காலத்தில் வீட்டையே சூடாக்க வேண்டிய ஊரில் அது ஒன்றும் அதிகமில்லை.

பலரும் வெப்ப மதிப்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள். 39.4-க்குப் பதில் 39.5 போட்டாலும் கூடுவது மூன்று, நான்கு யூனிட்தான். பெரிய தவறு நடக்கும் இடம் வேறு. பிரிட்டனில் பழைய மீட்டர்கள் நூறு கன அடிக் கணக்கில் ஓடுபவை. அவற்றின் எண்ணை முதலில் 2.83-ஆல் பெருக்கினால்தான் கன மீட்டர் வரும். புது மீட்டர் மாட்டிய பிறகும் கம்பெனியின் பதிவேட்டில் பழைய வகையே இருந்துவிட்டால், இதே 120, யூனிட் கணக்கில் 3,801 ஆகிவிடும். மீட்டர் முகப்பில் m³ என்றிருந்து பில்லில் 2.83 தென்பட்டால் உடனே இரண்டையும் படமெடுத்து அனுப்பிக் கேட்க வேண்டும்.

மருமகன் மீட்டரில் m³ இருந்தது, பில்லில் 2.83 இல்லை. பெருக்கல் சரி. ஆனால் முந்தைய ரீடிங்குக்குப் பக்கத்தில் ‘மதிப்பீடு’ என்று போட்டிருந்தது; யாரும் வந்து பார்க்காமல் எழுதிய எண். அப்படியானால் அந்த 120-இல் எவ்வளவு இந்த பில் காலத்தில் எரிந்தது, எவ்வளவு அதற்கு முன்பே எரிந்தது என்று சொல்ல முடியாது. நடுவில் விலை ஏறியிருந்தால் காசு இடிக்கும்.