ஒரு வாதம், ஓர் உதாரணம்: லிங்க்டினில் கணக்காளரின் பதிவு

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வணிகமாணிப் பட்டம் பெற்று, ஐந்தொகை தயாரித்துப் பழகிய எம்மவர் பலர் பிரித்தானியாவில் கணக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரே இடத்தில்தான் முட்டுப்படுகிறோம். சுயவிபரக்கோவையில் உள்ள பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து எங்கள் திறமையை எடைபோட, அதை வாசிப்பவருக்குத் தெரியாது. அகதி விண்ணப்பம் முடிவாகும் வரை பெரும்பாலானோருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. அதன் பின்னரும் கிடைத்த வேலையைச் செய்தோம். ஆகவே கோவையில் சில வருடங்கள் வெறுமையாகத் தெரிகின்றன. இந்த வயதில் அந்த வருடங்களை எம்மால் நிரப்ப முடியாது. ஆனால் ஒரு கணக்கை நாம் எப்படிப் பார்க்கிறோம், எதைக் கண்டு எச்சரிக்கையாகிறோம் என்பதைக் காட்ட முடியும். அதற்கான இடங்களில் ஒன்று லிங்க்டின்.

அங்கே தொழில் சார்ந்தோர் ஒரு விடயத்தில் தமது நிலைப்பாட்டை எழுதும் பதிவைச் 'சிந்தனைத் தலைமை' என்று அழைப்பார்கள். பெயர்தான் பெரிது. நல்ல பதிவு ஒன்றில் இருப்பது ஒரு வாதமும் அதைத் தாங்கும் ஓர் உதாரணமும் மட்டுமே. ஒரு பதிவுக்கு அதிகபட்சம் 3,000 எழுத்துக்குறிகள்தான் இடம். கைத்தொலைபேசியில் முதல் சில வரிகள் மட்டும் தெரியும். மிகுதியை வாசிக்க விரும்புபவர்தான் தட்டித் திறப்பார். நான்கு கருத்துகளை அதற்குள் அடக்கினால் ஒவ்வொன்றும் அரைகுறையாக நிற்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் தொடக்கத்திலிருந்து விடை வரை வாசிப்பவரைக் கூட்டிச் செல்லலாம்.

முதலில் வாதம். 'சிறு வணிகங்களுக்குக் காசோட்டம் முக்கியம்' என்பது வாதம் அல்ல. அதை மறுக்க உலகில் ஒருவரும் இல்லை. ஒரு வசனம் வாதம்தானா என்பதை அறிய ஒரு கேள்வி போதும்: எமது தொழிலில் உள்ள நேர்மையான ஒருவர் இதற்கு 'இல்லை' என்று சொல்லக்கூடுமா? 'டேக்அவே கடை நடத்துபவர் வற் வரிக்குரிய பணத்தைக் காலாண்டு முடியும் வரை வைத்திருக்காமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேறு கணக்குக்கு மாற்றவேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். யாருக்குச் சொல்கிறோம், என்ன செய்யச் சொல்கிறோம், எப்போது செய்யச் சொல்கிறோம் என்ற மூன்றும் அதில் உண்டு. மறுப்பவர்களும் இருப்பார்கள். ஆகவே இது வாதம்.

அடுத்தது உதாரணம். வாசிப்பவர் தாமே கூட்டிக் கழித்துச் சரிபார்க்கக்கூடிய உதாரணம்தான் வேண்டும். வரி சேர்த்து வாரம் 6,000 பவுண் விற்பனையாகும் ஒரு டேக்அவேயை எடுப்போம். ஆண்டுக் கணக்கில் இது வற் பதிவுக்கான 90,000 பவுண் எல்லையை வெகுவாகத் தாண்டிவிடும். விற்பது எல்லாம் சூடான உணவு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 20 சதவீத வற் உண்டு. விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால் 6,000ஐ ஆறால் வகுக்கவேண்டும். ஆகவே வாரத்துக்கு 1,000 பவுண் வரி.

இனிக் கழிக்கவேண்டியது. அரிசி, மரக்கறி, இறைச்சி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் வற் பூச்சிய வீதம். ஆகவே அவற்றை வாங்கியதில் மீளப்பெற எதுவும் இல்லை. உணவுப் பெட்டிகள், பழுதுபார்ப்பு, விநியோகச் செயலியின் தரகு போன்று 20 சதவீத வற் உள்ள செலவுகள் வரியோடு வாரம் 1,200 பவுண் என்றால், அதில் ஆறிலொன்று, அதாவது 200 பவுண், மீளப்பெறலாம். மிஞ்சுவது வாரத்துக்கு 800 பவுண். 13 வாரக் காலாண்டுக்கு 10,400 பவுண். மார்ச் 31இல் முடியும் காலாண்டுக்கான அறிக்கையும் பணமும் மே 7க்குள் போய்ச் சேரவேண்டும்.

இதை வைத்து எழுதும் பதிவு இப்படி இருக்கலாம். வேலை தருபவர் வாசிக்கும் மொழியிலேயே அதைப் போடவேண்டும். இங்கே தமிழில் தருகிறோம்.

'கடையின் வங்கிக் கணக்கில் 10,400 பவுண் இருக்கிறது. உரிமையாளர் அதைத் தன்னுடையது என்று நினைக்கிறார். அதில் ஒரு பவுண்கூட அவருடையது அல்ல.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கடை: வரியோடு வார விற்பனை 6,000 பவுண், முழுவதும் சூடான உணவு. அதற்குள் இருக்கும் வற் 1,000. வற் உள்ள செலவுகள் வாரம் 1,200, அதில் மீளப்பெறுவது 200. ஆகவே ஒவ்வொரு வாரமும் 800 பவுண் வரித் திணைக்களத்துக்குரியது. 13 வாரத்தில் 10,400.

இந்தப் பணம் நடைமுறைக் கணக்கிலேயே கிடந்தால் புதுக் குளிர்பெட்டிக்கோ ஊருக்குப் போகும் விமானச் சீட்டுக்கோ போய்விடும். ஒவ்வொரு வெள்ளியும் 800ஐ வேறு கணக்குக்கு மாற்றினால், மிச்சத்தைப் பார்த்தே கடை தாங்குமா என்று அறியலாம்.

மேலதிகப்பற்றில் ஓடும் கடைக்கு இது பொருந்தாது: வட்டி கட்டிக்கொண்டு இன்னொரு கணக்கில் பணத்தைச் சும்மா வைத்திருப்பது நட்டம்.

உங்கள் வாடிக்கையாளர்கள் வாராவாரம் ஒதுக்குகிறார்களா, மாதாமாதமா?'

இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. திறக்காமலே தெரியும் முதல் வரிகளில் வாதத்தின் முனை இருக்கிறது. 'இன்று ஒரு முக்கியமான விடயம் பற்றிப் பேசப்போகிறேன்' என்று தொடங்கியிருந்தால் அந்த இடம் வீணாகியிருக்கும். அடுத்து வரும் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணிலிருந்து வருகிறது. அதன் பிறகுதான் என்ன செய்யவேண்டும் என்பது.

எல்லோரும் விட்டுவிடும் பகுதி மேலதிகப்பற்று பற்றிய அந்த வசனம். அனுபவமுள்ள கணக்காளர் இதை வாசித்தவுடன், 'வரிக்கான பணம் கட்டும் நாள் வரை வட்டியில்லாத தொழிற்படு மூலதனம் அல்லவா?' என்று கேட்பார். அது நியாயமான கேள்வி. மேலதிகப்பற்று உள்ள கடைக்காரர் அந்தப் பணத்தால் கடனைக் குறைத்து வைத்து, மே 7இல் மீண்டும் எடுக்க எல்லை மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே சரி. இந்த மறுப்பை நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், எமது வாதம் எங்கே நிற்கிறது, எங்கே முடிகிறது என்பது தெரிந்துவிடும். வேலைக்கு ஆள் தேடுபவர் பார்ப்பது அதைத்தான். விதியைப் புத்தகத்தில் பார்க்கலாம். அது எப்போது பொருந்தாது என்பது வேலை செய்தவருக்குத்தான் தெரியும்.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. முதலாவது, எண்ணில் வரும் பிழை. 6,000இன் 20 சதவீதம் என்று 1,200ஐ எழுதிவிட்டால், வாரம் 200 பவுணும் காலாண்டில் 2,600 பவுணும் கூடுதலாகக் காட்டியிருப்போம். துறை சார்ந்த ஒருவர் அதை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். பதிவு முழுவதும் அந்த ஓர் உதாரணத்தின் மேல் நிற்பதால், அது சாய்ந்தால் வாதமும் சாயும். போடுவதற்கு முன் விடையிலிருந்து பின்னோக்கிச் சரிபார்ப்பது நல்லது: வரி நீங்கலான 5,000இன் 20 சதவீதம் 1,000, இரண்டையும் கூட்டினால் 6,000.

இரண்டாவது, இரகசியம். சர்வதேசக் கணக்காளர் ஒழுக்கக் கோவையின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளில் இரகசியம் காத்தலும் ஒன்று. பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்கக்கூடாது. எமது சமூகம் சிறியது. 'ஹரோவில் ஒரு கொத்து ரொட்டிக் கடை' என்று எழுதி உண்மையான விற்பனைத் தொகையையும் போட்டால், மாலைக்குள் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். ஒரு கடைக்காரரின் நம்பிக்கையை இழப்பதோடு, நாளைய முதலாளிக்கும் 'இவரிடம் எம் கணக்கைக் கொடுக்கலாமா' என்ற சந்தேகத்தைக் கொடுத்துவிடுவோம். ஆகவே சுற்று எண்களால் கடையை நாமே கட்டி, அது கற்பனை என்பதைப் பதிவிலேயே சொல்லிவிடவேண்டும். கற்பனைக் கடையை உண்மையான வாடிக்கையாளர் என்று காட்டுவதும் அதே அளவு தவறு.

மூன்றாவது, எம்மைப் பற்றிச் சொல்வது. பிரித்தானியாவில் 'கணக்காளர்' என்ற சொல்லை யாரும் பாவிக்கலாம். 'பட்டயக் கணக்காளர்' என்பதை அதற்குரிய நிறுவனத்தின் அங்கத்தவர் மட்டுமே பாவிக்கலாம். பெயருக்குக் கீழே 'வணிகமாணி, வற் மற்றும் சம்பளப் பட்டியல்' என்று உள்ளதை உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பு.

மொழி பற்றிய தயக்கம் எம்மில் பலருக்கு உண்டு. இங்கே படித்த பிள்ளைகளிடம் கொடுத்து மொழியைத் திருத்தச் சொல்லலாம். ஆனால் அவர்கள் வசனத்தை அழகாக்கும்போது 'வரி சேர்த்து' என்ற இரு சொற்கள் விழுந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். திருத்திய பின் எண்களையும் அவற்றை ஒட்டிய சொற்களையும் நாம் மறுபடி வாசிக்கவேண்டும்.

பதிவு வேலை செய்ததா என்பதை விருப்பக்குறிகளின் எண்ணிக்கை சொல்லாது. அவற்றில் பாதி உறவினரும் நண்பரும் போட்டவை. 'அருமை' என்ற பின்னூட்டம் எந்தப் பதிவுக்கும் பொருந்தும். 'கடை குளிர்ந்த சாண்ட்விச்சும் விற்றால் உங்கள் 800 மாறாதா?' என்று ஒருவர் கேட்டால், அவர் கணக்கை வாசித்திருக்கிறார். டேக்அவேயில் குளிர்ந்த சாண்ட்விச்சுக்குப் பூச்சிய வீதம் என்பதால் தொகை குறையும். எவ்வளவு குறையும் என்று அவருக்கு எழுதும் பதில், எமது வேலை மாதிரியின் அடுத்த பக்கம். ஆறு மாதம் கழித்து நேர்முகத் தேர்வில் எவராவது அந்த இடைவெளி வருடங்களைக் கேட்டால், மேசையில் வைத்துப் பேச எமக்கு அந்தக் கணக்கு இருக்கும்.